ஆ நாட்டின் மூன்று மூட்டை

நசரத்பேட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் கல்லூரியில் நான் பொருளியல் சொல்லிக்கொடுத்தேன். துறையில் இரண்டே பேர். ஒருவர் துறைத்தலைவர், இன்னொருவர் நான். பாடப்புத்தகத்தைப் பிரித்தே பார்க்காமல் ஒரு மனிதரால் எவ்வளவு காலம் பொருளியல் நடத்த முடியும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். முழுச் சம்பளத்தோடு, ஓய்வு பெறும் வரைக்கும் முடியும்.

அந்தப் பருவத்தில் கல்லூரி ஒரு கருத்தரங்கு நடத்தியது. மற்ற கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வருவதாக இருந்தார்கள். சர்வதேசப் பொருளாதாரப் பாடத்தில் ஒப்பீட்டு நன்மை, வணிகத் தடைகள் என்ற அத்தியாயத்தைப் பற்றித் துறைத்தலைவர் பேசப்போவதாக அழைப்பிதழ் சொன்னது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், அந்த அத்தியாயத்தை ரெண்டு பக்கத்துல சுருக்கிக் கொடுங்க. சின்னதா ஒரு உதாரணம் வேணும். ரெண்டு நாடு, ரெண்டு பொருள். பசங்களுக்குப் புரியணும்."

தனக்குப் புரிய வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் இருந்த என் ஃபிளாட்டில் உட்கார்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தேன். அ நாட்டில் ஒரு தொழிலாளி ஒரு நாளில் ஆறு மூட்டை நெல் விளைவிப்பார், இல்லையென்றால் நான்கு சட்டை தைப்பார். ஆ நாட்டில் ஒரு தொழிலாளியால் ஒரு மூட்டை நெல்லோ இரண்டு சட்டையோதான் முடியும். இரண்டு பொருளிலும் அ நாடுதான் கெட்டி. ஆனாலும் ஆ நாட்டோடு வணிகம் செய்தால் அதற்கும் லாபம் உண்டு. பாடமே அதுதான். ஒரு சட்டைக்காக அ நாடு ஒன்றரை மூட்டை நெல்லை விட்டுக்கொடுக்கிறது. ஆ நாடு அரை மூட்டையைத்தான் விட்டுக்கொடுக்கிறது. அதனால் சட்டையை ஆ நாடும் நெல்லை அ நாடும் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. இந்த விட்டுக்கொடுப்பைத்தான் புத்தகம் வாய்ப்புச் செலவு என்கிறது; அது குறைவாக இருப்பதுதான் ஒப்பீட்டு நன்மை.

கருத்தரங்கன்று காலை என் கையில் அச்சிட்ட தாள் வந்தது. மேலே அவர் பெயர். அதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் உதாரணத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஆ நாட்டின் ஒரு மூட்டையை அவர் மூன்றாக மாற்றியிருந்தார்.

"சார், இந்த எண்ணை ஏன் மாத்துனீங்க?"

"ஆறுக்குப் பாதி மூணு. நாலுக்குப் பாதி ரெண்டு. பார்க்கவே அழகா இருக்குல்ல? நீங்க போட்டது கோணலா இருந்துச்சு."

"அந்தக் கோணல்லதான் சார் விஷயமே இருக்கு."

"எல்லாம் ஒண்ணுதான் மேடம். போய் டீ வந்துடுச்சான்னு பாருங்க."

போய் டீயைப் பார்த்தேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். குரல் இருந்தது, கோட் இருந்தது. பலகையில் இரண்டு நாடுகளை எழுதி, நடுவில் கோடு போட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி எழுந்தாள். அவள் அம்மா அம்பத்தூரில் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார்.

"சார், அ நாட்டுல ஒரு சட்டைக்கு ஒன்றரை மூட்டை. ஆ நாட்டுலயும் ஒன்றரை மூட்டைதான் வருது. அப்ப யாரு யாருக்கு எதை விக்கிறது?"

"கணக்குப் போட்டாத் தெரியும்மா," என்று அவர் சிரித்தார். போடவும் ஆரம்பித்தார்.

அ நாட்டில் ஒரு ஆளைச் சட்டையிலிருந்து நெல்லுக்கு மாற்றினார். ஆறு மூட்டை கூடியது, நான்கு சட்டை குறைந்தது. ஆ நாட்டில் இரண்டு ஆட்களை நெல்லிலிருந்து சட்டைக்கு மாற்றினார். நான்கு சட்டை கூடியது, ஆறு மூட்டை குறைந்தது. மொத்தம் கூட்டினார். நெல் பூஜ்யம். சட்டை பூஜ்யம். அழித்துவிட்டு ஆட்களைக் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் பூஜ்யம். இரண்டு நாட்டிலும் விகிதம் ஒன்றாக இருந்தால் ஒப்பீட்டு நன்மை யாருக்கும் கிடையாது. எத்தனை பேரை இடம் மாற்றினாலும் லாபம் வராது. பூஜ்யத்தைப் பார்த்தபடி நின்ற அவருடைய முதுகில் கோட்டின் தையல் விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "இன்னா மச்சான், ரெண்டு நாடும் சும்மா குந்திகினு கீது," என்றான். அரங்கம் சிரித்தது.

அவர் திரும்பினார். "இதனாலதான் சுங்கவரி போடணும்னு சொல்றாங்க. வரி போட்டா ரெண்டு நாட்டுக்கும் லாபம் வரும்," என்றார். ஒரு தவறை மறைக்க அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தைச் சொல்கிற துணிச்சலை நான் அதற்கு முன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் கை காட்டி, "டைப் பண்ணும்போது மேடம் எண்ணைத் தப்பா போட்டுட்டாங்க," என்றார்.

நான் எழுந்து மேடைக்குப் போனேன். மூன்றை அழித்து ஒன்று என்று எழுதினேன். ஆ நாட்டில் மூன்று ஆட்களைச் சட்டைக்கு மாற்றினேன். ஆறு சட்டை கூடியது, மூன்று மூட்டை குறைந்தது. அ நாட்டில் அவர் மாற்றிய ஆளை அப்படியே விட்டேன். மொத்தத்தில் மூன்று மூட்டையும் இரண்டு சட்டையும் கூடுதல்.

"அ நாடு அஞ்சு மூட்டை கொடுத்து அஞ்சு சட்டை வாங்கினா, அதுக்கு ஒரு மூட்டையும் ஒரு சட்டையும் மிச்சம். ஆ நாட்டுக்கு ரெண்டு மூட்டை, ஒரு சட்டை மிச்சம்," என்றேன். "இப்ப அ நாடு சட்டைக்கு ஒரு மூட்டை வரி போட்டா என்ன ஆகும்? வெளிநாட்டுச் சட்டை ரெண்டு மூட்டை ஆயிடும். உள்ளூர்ச் சட்டை ஒன்றரைதான். யாரும் வெளியிலிருந்து வாங்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் லாபம் போச்சு. வரிப்பணமும் வராது, ஏன்னா சட்டையே வராது. இத்தனை சட்டைதான் வரலாம்னு கோட்டா போட்டாலும் சட்டை குறையும், விலை ஏறும். அந்த விலை வித்தியாசம் பெரும்பாலும் இறக்குமதி லைசென்ஸ் வெச்சிருக்கறவன் பைக்குப் போகும்."

துறைத்தலைவர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "இதைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தேன்," என்றார். அவருக்குக் கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். அப்படிக் குனிந்த தலையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை.

சாயந்திரம் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் அந்த மாணவி என்னோடு நின்றாள்.

"மிஸ், அம்மா கம்பெனியில ஆர்டர் கொறஞ்சிடுச்சு. வாங்குற நாட்டுல நம்ம துணிக்கு வரி ஏத்திட்டாங்களாம். சார் தாள்ல, வரியை ஏற்றுமதி பண்ற நாடு கட்டும்னு போட்டிருக்கு. நாமளா கட்டறோம்?"

அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. அதையும் அவர்தான் அழகுக்காகச் சேர்த்திருக்க வேண்டும்.

"அங்கே இறக்குமதி பண்றவன்தான் துறைமுகத்துல கட்டுவான்," என்றேன். "கொஞ்சத்தை அந்த ஊர்க்காரங்க மேல விலையா ஏத்துவான். மீதியை, விலையைக் குறைன்னு உங்க அம்மா கம்பெனிகிட்ட பேரம் பேசுவான். குறைக்கலைன்னா வரி இல்லாத வேற நாட்டுக்குப் போவான்."

"அதான் ஓவர்டைம் நிறுத்திட்டாங்க," என்றாள். "பரீட்சையில எதை எழுதறது மிஸ்? பேப்பர் திருத்தப் போறது சாராச்சே."

"சரியானதை எழுது."

"மார்க் போட மாட்டாரு மிஸ்."

"போட மாட்டார்தான்."

அவள் அம்பத்தூர் பேருந்தில் ஏறிக்கொண்டாள். எதை எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பருவத்துக்கு என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. துறையில் ஒத்துழைப்பு போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். நான் ஆவடியில் வேறொரு கல்லூரிக்கு மாறினேன். அங்கே இருக்கும் துறைத்தலைவரும் எண்களை அழகுபடுத்துகிறவர்தான்.