மச்சம் இடது கன்னத்தில்

அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பெயர். வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது அழிக்கத்தான் சொல்வார்கள். பருவை அழி, தொப்பையை அழி, பின்னால் நிற்கிற சித்தப்பாவை அழி. எதையும் அழிக்காதே என்று யாராவது கேட்டு வந்தால் அன்றைக்கு அவள் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள். இருபது வருஷமாக மனிதர்களின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு அந்தச் சந்தேகம் இருக்கத்தானே செய்யும்.

ஸ்டூடியோ அவள் தம்பியுடையது. கீழே செருப்புக் கடை, மேலே இவர்கள். முன்னறையில் கவுண்டர், அதற்குப் பின்னால் ஜன்னலை அட்டை வைத்து அடைத்த ஓர் அறை, அதில் அவளுடைய கம்ப்யூட்டர், கைப்பிடியில் ரெக்சின் கிழிந்த நாற்காலி. அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. தம்பி ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிட்டான். படங்களை மொத்தமாக உள்ளே தள்ளினால் அதுவே முகங்களைக் கண்டுபிடித்து வழவழப்பாக்கி வெளியே தள்ளிவிடும்.

"அக்கா, நீ கவுண்டர்ல உக்காரு. வர்றவங்ககிட்ட நல்லா பேசுவ. உனக்கும் கண்ணு மிச்சம்" என்றான் தம்பி.

"என் கண்ணைப் பத்தி நான் உன்கிட்ட புகார் பண்ணேனா?"

வாக்குவாதம் வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. அடுத்து வரும் கல்யாண ஆல்பத்தை அவள் கையால் செய்யட்டும். வாடிக்கையாளர் ஒரு திருத்தமும் சொல்லாமல் சரி என்றால் நாற்காலி அவளுக்கு. ஒரே ஒரு திருத்தம் வந்தாலும் கவுண்டர். தம்பி சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் சொன்னால் செய்கிற பயல். அவனைத் தூக்கி வளர்த்தவளுக்கு அது தெரியும். கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படத்துக்குத் தலை வாரச் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடமாட்டேன் என்று முடிவு கட்டினாள்.

அடுத்து வந்த ஆல்பம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குடையது. மாப்பிள்ளை தானே வந்து, தேர்ந்தெடுத்த படங்களின் எண்களோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தார். "நெற்றியில் பளபளப்பைக் கொஞ்சம் குறைக்கவும். மீசையும் மச்சமும் அப்படியே இருக்கட்டும்." மச்சம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

"மச்சத்துக்கு எதுக்குங்க ரெண்டு கோடு?" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "பொண்ணு பாக்கறதுக்குன்னு ஒரு இடத்துல படம் எடுத்தேங்க. அவங்க மச்சத்தை எடுத்துட்டு, மீசையையும் அடர்த்தியாக்கி, சும்மா ஜம்முனு பண்ணிட்டாங்க. அந்தப் படத்தைப் பாத்துட்டு ஒரு வீட்டுல வரச் சொன்னாங்க. போனா, கதவைத் திறந்தவரு என்னைத் தாண்டி எனக்குப் பின்னாடி மாப்பிள்ளையைத் தேடறாரு. அன்னைக்குப் பட்ட அவமானம் போதும். இப்ப கட்டிக்கிட்டவ என் கம்பெனி அடையாள அட்டையில இருக்கற மூஞ்சியைப் பாத்துச் சரின்னு சொன்னவ."

"அப்ப நெத்தி?"

"அது வேர்வைங்க. மண்டபத்துல அந்த விளக்குச் சூடு. என்கூடப் பொறந்ததா என்ன?"

அக்காவுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. அவள் தொழிலின் சட்டமும் அதுதான். வந்து போகிறதை எடுக்கலாம், கூடவே இருக்கிறதைத் தொடக் கூடாது. இதைத் தம்பிக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வேலையில் உட்கார்ந்தாள். கேமராவின் மூலக் கோப்பைத் திறந்து முதலில் வெளிச்சம் மிகுந்த இடங்களை மட்டும் கொஞ்சம் இறக்கினாள். பாதி பளபளப்பு அதிலேயே அடங்கியது. பிறகு படத்தின் மேல் வெறுமையான ஓர் அடுக்கைப் போட்டாள். தப்பு நடந்தால் அந்த அடுக்கைத் தூக்கிப் போட்டால் போதும், அடியில் இருக்கும் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. நெற்றியோரம் மினுக்காத இடத்தில் தோலின் நிறத்தை எடுத்து, மினுக்குகிற இடத்தில் மெல்ல மெல்ல ஒற்றினாள். தூரிகையை 'டார்க்கன்' என்ற வகையில் வைத்திருந்தாள். அப்படி வைத்தால், எடுத்த நிறத்தைவிட வெளுப்பாக இருக்கிற புள்ளிகள் மட்டும்தான் மாறும். மயிர்க்கால், சுருக்கக் கோடு எல்லாம் தம் பாட்டுக்கு இருக்கும். அழுத்தமும் ரொம்பக் குறைவு. ஒரே தேய்ப்பில் காரியம் முடிய வேண்டும் என்கிற அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

சில படங்களில் நெற்றி நடுவில் வெறும் வெள்ளைதான் இருந்தது. அங்கே இறக்குவதற்குத் தோலே பதிவாகவில்லை. இறக்கினால் சாம்பல் பூசினது போல் ஆகிவிடும். அந்த இடங்களுக்கு, அதே நிற்பில் அடுத்ததாக எடுத்த படத்திலிருந்து ஒரு துண்டுத் தோலைக் கடன் வாங்கி வைத்தாள். எங்கேயும் பளபளப்பை அடியோடு எடுக்கவில்லை. சீட்டில் குறைக்கவும் என்றுதானே இருக்கிறது. அடியோடு எடுத்தால் நெற்றி தட்டையாகி, முகம் அட்டையில் வெட்டி ஒட்டினது போல் ஆகிவிடும். மேலுதட்டிலும் வேர்வை மினுக்கியது. அங்கே தூரிகையைச் சின்னதாக்கி, மீசையின் மெல்லிய முனைகள் மேல் படாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். மச்சத்தின் பக்கம் போகவே இல்லை.

பிறகு பக்கங்களை அடுக்கினாள். முதல் பக்கத்தில் மாப்பிள்ளை தனியாக, முகத்தைச் சற்றுத் திருப்பி நிற்கிற படம். அச்சுக்குப் போகுமுன் காட்ட ஆல்பம் திரையில் தயாரானது. தம்பியும் சும்மா இருக்கவில்லை. அதே படங்களைத் தன் சாஃப்ட்வேரில் ஓட்டி வைத்திருந்தான், ஒப்பிட்டுக் காட்டத்தான்.

மாப்பிள்ளை மதியம் வந்தார். மனைவி மருந்துக் கடையில் வேலை முடித்துப் பின்னால் வருவதாகச் சொன்னார். அக்கா திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றான்.

"நெத்தி பிரமாதங்க. மேக்கப் போட்ட மாதிரியும் இல்ல" என்றார் மாப்பிள்ளை. "மீசை அப்படியே இருக்கு. மச்சமும் இருக்கு. திருத்தம் ஒண்ணும் இல்லீங்க."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது.

"ஆனா ஒண்ணு" என்று முதல் பக்கத்துக்குத் திரும்பினார் அவர். "இதுலதான் நான் அசல் நானா இருக்கேன். மத்ததுல எல்லாம் எனக்கு ஏதோ அண்ணன் முறை மாதிரி இருக்கு. இதை மட்டும் எப்படிப் பண்ணீங்க?"

எப்படிப் பண்ணினேன்? எல்லாவற்றையும் ஒரே மாதிரிதானே செய்தேன் என்று அந்தப் படத்தைப் பார்த்தாள். நெற்றி சரி, மீசை சரி. கண் கீழே இறங்கியது. மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டின் மேல் பாக்கெட் வலது மார்பில் இருந்தது.

எந்தத் தையற்காரர் பாக்கெட்டை வலது பக்கம் வைப்பார்? இடது கைப் பக்கத்தில் ஒருவர் ஆல்பத்துக்கு வெளியே பார்த்தபடி நின்றால் அழகாக இருக்காது என்று, படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். வருஷக்கணக்கான கைப்பழக்கம், மூளையைக் கேட்காமலே கை செய்துவிடும். மச்சத்தைத் தொடாமல் காப்பாற்றினவள், அதை அலுங்காமல் தூக்கி வலது கன்னத்தில் வைத்திருந்தாள்.

அவர் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் முடியாது. நாள் முழுக்க லிஃப்டுக்குள் கண்ணாடிக்கு எதிரே நின்று வேலை செய்கிறவர். அவருக்குத் தெரிந்த அவர் முகம் கண்ணாடி முகம்தான், இடம் வலமாக, வலம் இடமாக. தம்பியும் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால் நாற்காலி அவளுடையது. வாய்க்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். பிறகு தன் மேலேயே வந்த எரிச்சலில் பட்டென்று சொன்னாள்.

"இது தப்புங்க. நான் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கேன். மச்சம் பக்கம் மாறிடுச்சு."

தம்பி கையை அவிழ்த்தான்.

மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார், தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "அட, ஆமா! ஆனா பரவால்லீங்க, எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. இப்படியே இருக்கட்டும்."

"இருக்காது" என்றாள் அக்கா. "மீசையும் மச்சமும் அப்படியேன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதான். உங்க மூஞ்சியை உங்களைத் தவிர ஊரே நேராப் பாக்குது. உங்க வீட்டம்மா வரட்டும்."

அந்தப் பெண் படியேறி வந்தாள், மருந்துக் கடையின் நீலக் கோட்டைக் கழற்றாமலே. அக்கா ஒன்றும் சொல்லாமல் முதல் பக்கத்தைக் காட்டினாள். பெண் திரையருகே குனிந்தாள். சிரிக்கப் போன முகம் அப்படியே நின்றது.

"இவருதான்... ஆனா என்னமோ இடிக்குது." கணவனைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "மச்சம் ஏன் அந்தப் பக்கம் போச்சு? சாப்பிட உக்காந்தா நான் இவருக்கு இடது பக்கம்தான் உக்காருவேன். தினம் நான் பாக்கறதே அந்த மச்சத்தைத்தான்."

அக்கா படத்தை நேராகத் திருப்பினாள். மாப்பிள்ளை இப்போது ஆல்பத்துக்கு வெளியே பார்த்தார். அதனால் அவரை வலது பக்கத்துக்கு மாற்றி, இடது பக்கத்தில் மனைவியின் படத்தை வைத்தாள். இப்போது அவர் அவளைப் பார்த்தார். இதை முதலிலேயே செய்யத் தெரியவில்லையே உனக்கு என்று தன்னையே மனசுக்குள் ஒரு வாங்கு வாங்கினாள்.

"இப்பதான் இவரு" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கு அந்தத் திருப்பிப் போட்டதுல ஒண்ணு தனியா கிடைக்குமாங்க?" என்று மாப்பிள்ளை தயங்கிக் கேட்டார்.

"அதுக்கு எதுக்குக் காசு? கண்ணாடி இருக்குல்ல, பாத்துக்குங்க."

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. பந்தயத்தில் திருத்தம் வந்தாகிவிட்டது, வந்த கையோடு தன் சரக்கையும் விற்றுவிடலாம் என்று முன்னால் வந்தான். "இதையும் ஒருதடவை பாருங்கம்மா" என்று தன்னுடைய படத்தைத் திரையில் போட்டான். நெற்றியில் துளிப் பளபளப்பும் இல்லை, கன்னம் வழவழவென்று இருந்தது, மீசையின் இரண்டு முனையும் தோலோடு கரைந்திருந்தது. மச்சம் இருந்த இடம் துடைத்து விட்டது போல் இருந்தது.

பெண் உற்றுப் பார்த்தாள். "இது யாரு, உங்க தம்பியா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"எனக்கு ஏதுடி தம்பி?"

அக்காவின் தம்பி அந்தப் படத்தைத் தானே மூடினான். அவர்கள் படியிறங்கிப் போன பிறகு மறுபடி கதவருகே போய் நின்றான்.

"நீயே காட்டிக் குடுத்துட்டியே அக்கா. வாயை மூடிட்டு இருந்தா ஜெயிச்சிருப்ப."

"திருத்தம் வந்தது, ஒத்துக்கறேன். நாளைக்குக் கவுண்டர்ல உக்காரணும்னா உக்காரறேன். ஆனா ஒண்ணு சொல்லு. அடுத்த மாப்பிள்ளை மச்சத்துக்குக் கீழ ரெண்டு கோடு போட்டுக் கொண்டுவந்தா அந்தச் சீட்டை நான் யாருகிட்ட குடுக்கணும்?"

அவன் முன்னறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது கையில் ஒட்டுநாடாச் சுருள் இருந்தது. குனிந்து, நாற்காலியின் கிழிந்த கைப்பிடியைச் சுற்றி ஒட்ட ஆரம்பித்தான்.

"கையை எடு" என்றான்.

அக்கா கையை மட்டும் எடுத்தாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.