திங்கட்கிழமை வரை பொறுக்குமா?

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சரிங்க’. தொலைபேசியை எடுத்தால் முதல் வார்த்தையும் அதுதான், கடைசி வார்த்தையும் அதுதான். மருந்துக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிப் பராமரிக்கிற ஒரு சின்னக் குழுவுக்கு அவர் தலைவர். அவரையும் சேர்த்து நான்கு பேர். பில்லில் எழுத்து பொடியாக விழுகிறது, தள்ளுபடி இரண்டு தடவை கழிகிறது, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கடவுச்சொல் வேண்டும் என்று கடைக்காரர்கள் நேரே அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: “சரிங்க, பார்த்துடறோம்.”

சொல்லி வைத்த பிறகுதான் அவருக்குச் சங்கடம் ஆரம்பிக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துக்கொண்டு, யார் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்று பார்த்து, அந்த மேசைப் பக்கம் மெல்ல நகர்வார். மிட்டாயைக் கீபோர்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நிற்பார். மிட்டாய் வந்தால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். கோபப்படலாம் என்று நினைத்தவர்களும் அந்த முகத்தைப் பார்த்தால் மிட்டாயைப் பிரித்துவிடுவார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். மைத்துனன் கேட்டான் என்று வண்டியைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதமாகப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார். “என் தம்பிதான், நானே சொல்றேன், குடுக்காதீங்க” என்று மனைவி சொன்னதற்கும் சரி என்றார். வண்டி திரும்பி வந்த மறுநாளே சாவியை மறுபடி கொடுத்தார்.

குழுவில் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் என்று வேலை பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் இதையெல்லாம் முடிப்போம் என்று முதல் நாள் உட்கார்ந்து திட்டம் போடுவது, கடைசி நாள் முடித்ததைக் காட்டுவது. நடுவில் புது வேலை எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் திட்டம் போட்ட மை காய்வதற்குள் மிட்டாய் வந்துவிடும்.

காலாவதியான மருந்து விற்பனைக்குப் போகாமல் தடுக்கும் வசதிதான் அவர்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை. மூன்று ஸ்பிரிண்டாக அது “பாதி முடிந்தது” என்றே இருந்தது. மூன்றாவது தடவையும் காட்ட ஒன்றும் இல்லாமல் போனபோது, மேலாளர் அவரைத் தனியாக அழைத்தார். சத்தம் போடவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

“இந்தக் காலாண்டுக்குள்ள இது கடைக்குப் போகலைன்னா, உங்க ஆளுங்களைப் பிரிச்சு வேற வேற குழுவுல போட்டுடலாம்னு இருக்கேன்.”

அவர் வழக்கம்போல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தவர் மற்ற மூன்று மேசைகளையும் பார்த்தார். அந்த மூன்று பேரை அவர்தான் ஒவ்வொருவராகச் சேர்த்தார். டேட்டாபேஸ் பார்க்கிறவர், வருடக்கணக்காகப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் ‘மாப்பிள்ளை’. சோதித்துப் பார்க்கிற அம்மாள், எதற்கும் ஆதாரம் கேட்பதால் ‘வக்கீலம்மா’. திரைகளை வடிவமைப்பவர் காதிலிருந்து எடுக்காததால் ‘ஹெட்போன்’. அவர்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது, ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட்ட நாளும் கிடையாது.

மறைக்கத் தெரியாததால் அன்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை உடனே, ஒரு வார ஸ்பிரிண்டுக்கு மாறலாம் என்றார். பதினான்கு நாள் கழித்து நடக்கப்போவதை இன்றைக்கே சொல்ல நாம் என்ன ஜோசியக்காரர்களா என்பது அவர் வாதம். வக்கீலம்மா விடவில்லை. வாரா வாரம் திட்டக் கூட்டம், காட்டும் கூட்டம், குறை நிறை பேசும் கூட்டம் என்று உட்கார்ந்துகொண்டிருந்தால் வேலையை யார் பார்ப்பது? காலாவதி வேலை ஒரு வாரத்துக்குள் அடங்குமா?

“இரண்டு வாரமே பத்தலைங்கறவங்க ஒரு வாரத்துல கிழிச்சுடுவீங்களோ?” என்றார்.

இரண்டு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு பேருக்கும் சரி என்றார்.

வக்கீலம்மா அத்தோடு விடுகிறவர் இல்லை. இத்தனை குறுக்கீட்டில் ஒரு வாரம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று நிரூபிக்க, மேசை மேசையாகப் போய் முந்தைய ஸ்பிரிண்டின் மிட்டாய்க் காகிதங்களைப் பொறுக்கினார். ஹெட்போனின் இழுப்பறையில் மட்டும் ஒரு குவியல் கிடந்தது. எந்த வேலைக்கு வந்தது என்று கேட்டு, காகிதங்களைத் திட்டப் பலகையில் ஒவ்வொன்றாக ஒட்டினார். பலகையில் திட்டம் தெரியவில்லை, பச்சைக் காகிதம்தான் தெரிந்தது. ‘சரிங்க’ அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஹெட்போன் அபூர்வமாகக் காதிலிருந்ததைக் கழற்றினார்.

“இதுல எதெல்லாம் அன்னைக்கே செஞ்சிருக்கணும்?”

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பில்லே போட முடியாமல் கடை நின்ற இரண்டு மூன்றைத்தான் அன்றே பார்த்தாக வேண்டியிருந்தது. மற்றவை நான்கைந்து நாள் பொறுத்திருக்கும். ஆனால் இரண்டு வாரம் கழித்துத்தான் என்றால் எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். வக்கீலம்மா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தோற்ற வழக்கில் கூடத் தீர்ப்பைத் தானே வாசிக்கிற குரலில் சொன்னார்.

“சார், உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வராது. அது இனிமே வரவும் வராது. திங்கட்கிழமைன்னு சொல்ல வருமா?”

அவர் யோசித்தார். “அது வரும்னுதான் நினைக்கிறேன்.”

“அப்ப ஒரு வாரம்தான். வாரா வாரம் திங்கட்கிழமை புதுத் திட்டம், யாரும் அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்.”

கூட்டங்களையும் பாதியாக வெட்டினார்கள். ஆனால் முதல் வாரமே சறுக்கியது. பழைய பழக்கத்தில் வாரம் முழுவதையும் விளிம்பு வரை நிரப்பிவிட்டார்கள். போதாதற்கு, காலாவதி வேலையைக் குறுக்கே வெட்டி, இந்த வாரம் டேட்டாபேஸ், அடுத்த வாரம் திரை என்று பிரித்திருந்தார்கள். புதன்கிழமை ஒரு கடையில் பில் நின்றுபோனது. அதற்கு ஓடியதில் மற்றது தேங்கியது. வெள்ளிக்கிழமை காட்டுவதற்கு மாப்பிள்ளையின் டேட்டாபேஸ் அட்டவணைகள் மட்டும் இருந்தன. மேலாளர் அவற்றை மரியாதைக்காகப் பார்த்தார்.

வக்கீலம்மா, “நான்தான் சொன்னேனே” என்று சொல்லவில்லை. சொல்லாதது எல்லோருக்கும் கேட்டது. நல்லவேளை ஒரு வாரத்தோடு போயிற்று, பழையபடி என்றால் இரண்டு வாரம் போயிருக்கும் என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை வேறு மாதிரி போட்டார்கள். வாரத்துக்கு ஒருவர் அவசரங்களுக்கென்று ஒதுங்கி நிற்பது. அவரை நம்பித் திட்டம் போடக்கூடாது. காலாவதி வேலையில், கடைக்காரர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு துண்டு மட்டும் முதலில்: தேதி முடிந்த மருந்தின் பெயர் சிவப்பாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைப் பில்லில் ஏறாமல் தடுப்பது அடுத்த துண்டு. மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பப் பட்டியல் எடுப்பது அதற்கடுத்தது.

மீதி இருந்தது தொலைபேசி. அது செவ்வாய்க்கிழமை அடித்தது. ஊரில் பாதிக் கடைகளைத் தன் பெயரில் வைத்திருக்கிற முதலாளி. மற்ற மூவரும் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள். பில்லின் தலைப்பில் கடையின் சின்னம் பெரிதாக வர வேண்டுமாம், இன்றைக்கே.

“சரிங்க” என்றார் அவர். மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. “சரிங்க… திங்கட்கிழமை திட்டத்துல முதல் வேலையா பேசிடறோம். எடுத்துக்கிட்டா அந்த வெள்ளிக்கிழமையே உங்க கையில இருக்கும்.”

அவர் மிட்டாயை வெளியே எடுத்தேவிட்டார். பிறகு, “திங்கட்கிழமைதானே? சரி, சரி” என்று முதலாளி வைத்துவிட்டார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை, திரையில் ஓர் இருமல் மருந்தின் பெயர் சிவப்பாக எரிந்தது. மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, அதே மருந்து பில்லில் ஏற மறுத்தது. காலாண்டு முடிவதற்குள் மூன்று துண்டுகளும் கடைகளுக்குப் போய்விட்டன. பிரிப்பதைப் பற்றி மேலாளர் அதன்பின் வாய் திறக்கவில்லை.

கடையின் சின்னம் என்ன ஆனது என்றால், சொன்ன திங்கட்கிழமை அவரே முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார். எந்தச் சின்னம் என்றார் முதலாளி. மறந்தே போய்விட்டாராம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொலைபேசியை வைத்ததும் அவர் கையில் மிட்டாய் இருந்ததல்லவா? எந்த மேசைக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பிரித்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். காகிதத்தை மட்டும், ஆதாரத்துக்கு என்று, வக்கீலம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.