நூற்றெண்பதிலிருந்து தொடங்கச் சொன்னது நான்

ஒரகடத்தில் ஹீட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் செக் பண்ணுவதுதான் என் வேலை. எனக்குக் கீழே இருந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. படப்பையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். அவள் கணக்குப் போடுவாள், நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். டிராயிங் வெளியே போகும்.

ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு ஆலை, துருப் பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய்த் தொட்டிக்கு ஹீட்டர் கேட்டிருந்தது. எண்ணெய் அறுபது டிகிரியில் நிற்க வேண்டும். உள்ளே கிடக்கும் ஹீட்டர் குழாயின் மேற்பரப்பு நூற்றிருபதைத் தாண்டவே கூடாது, தாண்டினால் எண்ணெய் கருகும் என்று எண்ணெய் விற்றவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

குழாய் எவ்வளவு சூடாகும் என்பதுதான் கேள்வி. அது எண்ணெய் எவ்வளவு வேகமாகச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது என்பதைப் பொறுத்தது. எண்ணெயின் குணமோ சூட்டுக்குச் சூடு மாறும். ஆறினால் கெட்டி, காய்ந்தால் தண்ணீர். குழாயை ஒட்டி நிற்கும் மெல்லிய படலம் ஒரு பக்கம் குழாயின் சூட்டிலும் மறு பக்கம் தொட்டியின் சூட்டிலும் இருப்பதால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி அந்தச் சூட்டில் எண்ணெயின் குணங்களை அட்டவணையில் பார்ப்போம். அதுதான் படல வெப்பநிலை. ஆனால் பாதியாக்க, குழாயின் சூடு முதலில் தெரிய வேண்டும். அதைத்தானே தேடுகிறோம்? அதனால் ஒன்றை ஊகித்துக் கணக்குப் போட்டு, வரும் விடையை வைத்துத் திரும்பப் போட வேண்டும். விடை அசையாமல் நிற்கும்வரை.

"எதிலேர்ந்து ஆரம்பிக்க, சார்?" என்று கேட்டாள்.

"நூத்தி எண்பது வை. போன ஹீட்டருக்கு அதான் வந்துச்சு" என்றேன். அது வேறு எண்ணெய், வேறு தொட்டி. எனக்குத் தெரியும். யோசிக்க அலுப்பாக இருந்தது.

நூற்றெண்பதும் அறுபதும் சேர்ந்து பாதி, நூற்றிருபது. அந்தச் சூட்டில் எண்ணெய் நல்ல இளக்கம். இளகிய எண்ணெய் சுறுசுறுப்பாக ஓடும், சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அதனால் காகிதத்தில் குழாய் குளுகுளுவென்று நூற்றைந்தில் நின்றது.

அவள் தாளோடு வந்தாள். "சார், நூத்தஞ்சுதான் வருது. அப்படின்னா படலம் எண்பத்திரண்டுதான். அந்தச் சூட்டுல எண்ணெய் கிட்டத்தட்ட மூணு மடங்கு கெட்டி. இன்னொரு சுத்து போட்டுப் பாத்துருதேன்."

"நூத்திருபதுக்குள்ள வந்துடுச்சில்ல?"

"வந்துட்டு சார். ஆனா..."

"டிராயிங் இன்னிக்குப் போகணும். கொடு."

தாளின் ஓரத்தில் பென்சிலில் 'இரண்டாம் சுற்று?' என்று எழுதி வைத்திருந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நானே ரப்பரை எடுத்து அதை அழித்தேன். கேள்விக்குறியோடு ஒரு தாள் ஃபைலில் கிடப்பது எனக்குப் பிடிக்காது.

ஹீட்டரை மாட்டி ஐந்து வாரம் கழித்து ஆலையிலிருந்து அழைத்தார்கள். நான்தான் போனேன். தொட்டிப் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் மூக்கைத் துணியால் கட்டியிருந்தார். "இன்னா சார் ஹீட்டர் இது, பஜ்ஜிக் கடை மாதிரி நாறிக்கினு கீது. கண்ணெல்லாம் எரியுது" என்றார். குழாயை வெளியே எடுத்தபோது அதன்மேல் கரி தோல் மாதிரிப் படிந்திருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வரும் வழி முழுக்க யார் பெயரைச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை மீட்டிங். எங்கள் மேனேஜர், ஆலையின் இன்ஜினியர், நான், அவள். மேனேஜர் தாளைத் தூக்கிக் காட்டி, "உன் கணக்குத்தானே? போர்டுல போடும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

அவள் மார்க்கரை எடுத்தாள். நூற்றைந்தை வைத்து இரண்டாம் சுற்று போட்டாள். படலம் எண்பத்திரண்டரை, எண்ணெய் கெட்டி, சூடு வெளியேறாமல் குழாய் நூற்றிமுப்பத்து நான்குக்கு ஏறியது. அதை வைத்து மூன்றாம் சுற்று. படலம் சூடேறியதால் எண்ணெய் இளகி, குழாய் நூற்றிப் பதினெட்டுக்கு இறங்கியது.

"பாருங்க, நூத்திப் பதினெட்டு!" என்று மேனேஜர் ஆலைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "லிமிட்டுக்குள்ளதான். உங்க ஆளுங்க எண்ணெயை மாத்தாம விட்டிருப்பாங்க. போதும்மா, உக்காரு."

அவள் உட்காரவில்லை. "இது இன்னும் நிக்கல சார். ஒரு சுத்து ஏறுது, ஒரு சுத்து இறங்குது. பாதியில விட்டா நமக்குப் பிடிச்ச நம்பர்தான் கிடைக்கும்."

அவள் போட்டுக்கொண்டே போனாள். நூற்றிருபத்தாறு. நூற்றிருபத்திரண்டு. நூற்றிருபத்து நாலு. நூற்றிருபத்து மூன்று. அதற்கு மேல் அசையவில்லை. மார்க்கரை மூடி வைத்தாள்.

ஆலைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப இது முதல் நாளே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்."

"ஆமா சார்."

"ஏன் அன்னிக்குப் போடல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் டைரியைப் பார்த்தேன். "சார்கிட்ட கேட்டேன். இன்னொரு சுத்து போடட்டான்னு கேட்டேன்" என்றாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அப்படி ஞாபகம் இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கேட்டிருந்தா தாள்ல குறிச்சிருப்பாங்களே" என்று சேர்த்தேன்.

அவள் தாளை வாங்கி ஓரத்தைப் பார்த்தாள். ரப்பர் தேய்த்த இடம் லேசாக மங்கியிருந்தது. அதன்மேல் ஒரு விரலை வைத்தாள். என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. "சரி சார்" என்றாள்.

"ஒண்ணாங்கிளாஸ் புள்ளைகூடத் திருப்பிச் சரி பாக்கும். ஹாஸ்டல்ல தூங்கிட்டு வந்து இங்கயும் தூங்கினா இப்படித்தான்" என்றார் மேனேஜர். ஆலைக்காரர் தர்மசங்கடமாக நெளிந்தார். நான் சிரித்தேன். சிரிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி அவள் பையைக் கவிழ்த்து, டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார். கம்பெனி பஸ் மாலையில்தான். ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோடு வரை அந்த வெயிலில் நடந்து போனாள். நான் கேன்டீன் ஜன்னலோரம் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பசியும் இருந்தது.

போர்டை அழிப்பதற்குள் அவள் எழுதியதை அப்படியே என் நோட்டில் இறக்கிக்கொண்டேன். அதே வாட்ஸுக்குக் குழாயை ஒன்றரை மடங்கு நீளமாக்கி, அவள் போட்ட மாதிரியே சுற்றுச் சுற்றாகப் போட்டேன். நூற்றெட்டில் நின்றது. புது ஹீட்டர் போனது, நாற்றம் நின்றது. ஆலைக்காரர் நன்றி சொல்லி எனக்கு மெயில் அனுப்பினார். ஏப்ரலில் என்னை டீம் லீடர் ஆக்கினார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தண்டலம் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. அவளை வேலைக்கு எடுக்கப் போகிறார்களாம். பயோடேட்டாவில் விசாரித்துக்கொள்ள என் பெயரைக் கொடுத்திருந்தாள். என் பெயரைக் கொடுக்க அவளுக்கு எப்படி மனசு வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. ஒருவேளை கொடுக்க வேறு பெயர் இல்லையோ என்னவோ.

"ஆள் எப்படி சார்?" என்றது அந்தக் குரல்.

நல்ல ஆள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் சொன்னால், பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பார்கள்.

"கணக்கைப் பாதியில விட்டுருவாங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. 'அவங்ககிட்ட என்ன சார் சொன்னீங்க?' அவ்வளவுதான். படித்தேன். படித்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். பதில் போடாமல் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.