அசிங்கமான விடை: 1225/1296

விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. வேகமாகத் திருத்துவேன். வேகத்துக்குக் காரணம் அறிவு அல்ல. கேள்வியைப் படிக்க மாட்டேன், விடைக்குறிப்பின் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வேன். மாணவர் தாளிலும் கடைசி வரிக்குப் போய்விடுவேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் டிக். இல்லாவிட்டால் சிவப்புக் கோடு, ஒரு பூஜ்யம், அடுத்த தாள்.

நான் கௌரவ விரிவுரையாளர். கடத்தூரிலிருந்து பஸ் ஏறி தருமபுரியில் ஒரு கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியல் நடத்துகிறவன். 'கௌரவ' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றால், ஒவ்வொரு ஆண்டும் என்னை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்டவன் முகாமில் வாயைத் திறக்கக் கூடாது. நானும் திறந்ததில்லை, அந்த மூன்றாம் நாள் வரைக்கும்.

அந்தப் பத்து மதிப்பெண் கேள்வி இதுதான். இரண்டு பகடைகளை உருட்டு. விழுந்ததில் பெரிய எண் X, சிறிய எண் Y. இரண்டும் ஒன்றாக விழுந்தால் இரண்டுக்கும் அதே எண். இந்த இரண்டுக்கும் கூட்டு நிகழ்தகவு அட்டவணை போடு, உடன்மாறுபாடு கண்டுபிடி. உடன்மாறுபாடு என்பதை வகுப்பில் கோவேரியன்ஸ் என்றுதான் சொல்வோம். ஒன்று ஏறும்போது இன்னொன்றும் சேர்ந்து ஏறுகிறதா என்று பார்க்கிற கணக்கு.

விடைக்குறிப்பில் இப்படி இருந்தது: பெரியது, சிறியது என்று எழுதினால் மொத்தம் இருபத்தோரு ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் 1/21. பெரியதின் சராசரி 13/3, சிறியதின் சராசரி 8/3. கோவேரியன்ஸ் 10/9. எவ்வளவு அழகான விடை! பார்த்தாலே டிக் போடக் கை துடிக்கும். நான் மாணவனாக இருந்தபோது இதே கேள்விக்கு இதே 10/9 எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவன். பிறகு வாத்தியாராகி ஆண்டுதோறும் கரும்பலகையில் அதே 10/9 எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டவன்.

மூன்றாம் நாள் காலை ஒரு தாள் வந்தது. அந்தக் கேள்விக்குக் கடைசி வரி 1225/1296. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. இப்படி ஒரு விடை சரியாக இருக்கவே முடியாது என்று பூஜ்யம் போட்டேன். கூட்டினேன். முப்பத்து மூன்று. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். பெயர் கிடையாது, மேலே ஒரு போலி எண் மட்டும்தான். ஏழு மதிப்பெண்ணில் ஒரு பிள்ளைக்கு அரியர் விழுகிறதே என்று, எங்கேயாவது அரை அரையாகத் தேறுமா பார்ப்போம் என்று தாளைத் திருப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விடையை முதல் வரியிலிருந்து படித்தேன்.

அட்டவணையில் முக்கோணமாக எண்கள். பெரியது சிறியதைவிடச் சிறியதாகிற கட்டங்களில் எல்லாம் பூஜ்யம். அதுவரை விடைக்குறிப்பு மாதிரியே. ஆனால் மூலைவிட்டத்தில், அதாவது 4,4 மாதிரி இரட்டை விழுகிற ஆறு கட்டங்களில் 1/36. மீதிப் பதினைந்து கட்டங்களில் 2/36. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: 'பெரியது 5, சிறியது 3 என்பது இரண்டு விதமாக வரும். 4,4 ஒரே விதம்தான்.' பதினைந்து இரண்டு முப்பது, ஆறு சேர்த்தால் முப்பத்தாறு. கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குக் கீழே இருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. X-ஐயும் Y-ஐயும் பெருக்கிச் சராசரி எடுக்க நாங்கள் எல்லோரும் இருபத்தோரு கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டி ஒரு பக்கத்தை நிரப்புவோம். இந்தப் பிள்ளை ஒரே வரி எழுதியிருந்தது: 'எது பெரியது எது சிறியது என்று பிரித்தாலும் பெருக்கினால் வருவது இரண்டு பகடையின் பெருக்கல்தான்.' இரண்டு பகடையும் ஒன்றையொன்று சாராதவை, ஒவ்வொன்றின் சராசரி மூன்றரை. ஆகப் பெருக்கலின் சராசரி 49/4. பெரியதின் சராசரி 161/36, சிறியதின் சராசரி 91/36. கூட்டினால் சரியாக ஏழு, இரண்டு பகடையின் கூட்டுத்தொகைச் சராசரி எதுவோ அதே. 49/4-இலிருந்து அந்த இரண்டின் பெருக்கலைக் கழித்தால் 1225/1296. அது 35/36-இன் வர்க்கம் என்று வேறு அடைப்புக்குள் எழுதியிருந்தது. அசிங்கம் என்று நினைத்தேனே, குளித்துவிட்டு வந்து நின்றது.

என் பூஜ்யத்தைப் பார்த்தேன். பெரிய பூஜ்யம். நல்ல சிவப்பு.

போட்ட மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுமென்றால் தலைமைத் தேர்வாளர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அவர் கணிதப் பேராசிரியர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். விடைக்குறிப்பைத் தயாரித்தவரும் அவரே. தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பகடையும் ஒரே மாதிரிதான தம்பி இருக்குது. அஞ்சும் மூணும், மூணும் அஞ்சும் வேற வேறயா?"

வேற வேறதான் என்றேன். அவர் சிரித்தார். மூன்று நாளாகத் திருத்திக் கட்டிய கட்டுகளைக் காட்டினார். விடைக்குறிப்பில் உள்ளபடி போகச் சொன்னார். போயிருக்கலாம். போகவில்லை. அதைத் திருத்தும் வரைக்கும் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். என் கால் வேறு அதற்குள் என் இருக்கையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாயும் காலும் அன்று ஒன்றையொன்று சாராதவை.

எதிர் நாற்காலியில் அதியமான்கோட்டையிலிருந்து வரும் மேடம் ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"ஏங்க சார், இத்தன வருசம் நிகழ்தகவு நடத்துறமே, நம்மள்ல யாராச்சும் பகடைய உருட்டிப் பாத்துருக்கமா?"

நான் முந்நூறு பகடைக் கணக்காவது போட்டிருப்பேன். பகடையைக் கையில் தொட்டது பரமபதம் ஆடின வயசில்.

சாப்பாட்டு இடைவேளையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு பகடை வாங்கிவந்தேன். இரண்டும் வெள்ளை. மேடம் கணக்குப் போட்டு எண்பத்து நான்கு முறை உருட்டலாம் என்றார். பேராசிரியர் சொல்கிற 1/21 சரியென்றால் இரட்டை ஏறக்குறைய இருபத்து நான்கு தடவை விழ வேண்டும். அந்தத் தாள் சரியென்றால் பதினான்கு. பேராசிரியரும் தயிர்சாத டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்.

ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி நான் உருட்டினேன். முதல் பன்னிரண்டில் ஐந்து இரட்டை.

"தம்பிக்குக் கை ராசியான கை," என்றார் பேராசிரியர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே.

ஒரு பிள்ளையின் அரியரும் என் அடுத்த ஆண்டும் ஒரு டம்ளருக்குள் குலுங்கிக்கொண்டிருந்தன. உருட்டுவதை நிறுத்தவில்லை. மேடம் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். நாற்பதைத் தாண்டியபோது இரட்டைகள் எங்கோ டீ குடிக்கப் போய்விட்டன. எண்பத்து நான்கு முடிந்தபோது பதினைந்து.

பேராசிரியர் டப்பாவை மூடினார். இது தற்செயல், எண்பத்து நான்கு போதாது என்றார். அதில் நியாயம் இருந்தது. உருட்டிப் பார்ப்பது நிரூபணம் ஆகாது என்று நானே வகுப்பில் சொல்வேன். அப்போதுதான் என் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருப்பது ஞாபகம் வந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்ட பேனா. ஒரு பகடையின் ஆறு பக்கமும் சிவப்பாகத் தீட்டினேன். விரலெல்லாம் சிவப்பு.

"இப்ப சொல்லுங்க சார். சிவப்புல அஞ்சு, வெள்ளையில மூணு. சிவப்புல மூணு, வெள்ளையில அஞ்சு. இப்பவாச்சும் வேற வேறங்களா?"

"இப்ப வேற வேறதான். மை பூசிட்டீங்களே."

"அப்ப மை பூசுனா மொத்தம் முப்பத்தாறு, இரட்ட ஆறுல ஒரு பங்கு. பூசாட்டி ஏழுல ரெண்டு பங்கு. நான் மை பூசுனதுல பகடை பயந்துபோயி இரட்ட விழறதக் கொறச்சிக்குமுங்களா?"

மேடம் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார். பேராசிரியர் அந்தச் சிவப்புப் பகடையை எடுத்தார். உருட்டவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, தொப்பூர்ப் பக்கம் டிபன் கடை வைத்தால் யார் மாவாட்டுவது என்பது வரைக்கும் நான் யோசித்துவிட்டேன்.

"முப்பது வருசமா டென் பை நைன் நடத்துறன்," என்றார் கடைசியில். விடைக்குறிப்பை எடுத்து, இருபத்தொன்றை அடித்து முப்பத்தாறு என்று தன் கையாலேயே எழுதி, தேதி போட்டார்.

பிறகு சண்டை 10/9 எழுதியவர்களைப் பற்றி. அவர்களுக்கெல்லாம் குறைக்க வேண்டும் என்று கிளம்பினார். அதற்கும் மாட்டேன் என்றேன். அது அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த தப்பு இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்த தப்பு. குறைப்பதானால் என் பழைய பத்து மதிப்பெண்ணிலிருந்து ஆரம்பிக்கட்டும், பட்டத்தையே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். ஒரு தடவை வாய் திறந்தவனுக்கு மூடத் தெரியவில்லை. பேராசிரியர் கையை உதறிவிட்டு, இருந்தபடியே இருக்கட்டும் என்றார்.

ஆனால் பூஜ்யம் வாங்கிய சரியான விடைகளைத் தேட எல்லாக் கட்டையும் பிரிக்க வேண்டியதாயிற்று. மேசையே என்னைத் திட்டியது. மேடம்தான் அதிகம் திட்டினார். ஐந்து மணி பஸ்ஸை விட்டதற்கு இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். இன்னும் மூன்று பேர் அகப்பட்டார்கள். அதில் இரண்டு பேருக்குப் பூஜ்யம் போட்ட வேகமான ஆசாமி யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

அந்த முதல் தாளில் என் பூஜ்யத்தை அடித்துப் பத்து என்று எழுதினேன். முப்பத்து மூன்று நாற்பத்து மூன்று ஆனது. பேராசிரியர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். என் விரல் பட்டு ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை. அதற்கும் ஒரு சுருக்கொப்பம் கேட்டேன். முறைத்துவிட்டுப் போட்டார்.

அடுத்த முகாமுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. வராவிட்டால் போகட்டும். வகுப்பில் அந்தக் கணக்கு வரும்போது இப்போது இரண்டு பகடையும் கொண்டுபோகிறேன், ஒன்று வெள்ளை, ஒன்று மங்கின சிவப்பு. முதலில் கரும்பலகையில் 10/9 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவேன். பிறகு இதை எவராவது மறுத்துச் சொல்லும் வரைக்கும் பாடம் நகராது என்று நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன்.