கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை

அவளுக்கு இதுவரை முப்பத்தொரு வியாதி வந்திருக்கிறது. குடல்வால் வீக்கம், மாரடைப்பு, சிறுநீரகக் கல் எல்லாமே எட்டு நிமிடத்தில் மணி அடித்ததும் குணமாகிவிடும். மருத்துவக் கல்லூரித் தேர்வில் மாணவர்கள் விசாரித்துப் பழகுவதற்காக நோயாளியாக நடிப்பது அவள் தொழில். 'நோயாளியக்கா' என்றுதான் கல்லூரி முழுக்கக் கூப்பிடுவார்கள். அதற்கு முன் இருபது வருடம் துணிக்கடையில் நின்று, சாயம் போகிற துணியைப் போகவே போகாது என்று சிரித்த முகத்தோடு விற்றவள். நடிப்பு கை வந்ததற்கு அது ஒரு காரணம்.

ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு தாள் உண்டு. முதலில் சொல்ல வேண்டிய வரி, தானாகச் சொல்லலாம் என்பவை, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை. கடைசியில் 'நடிப்பவர் அறிய' என்று ஒரு பகுதி, உண்மையில் என்ன நடந்தது என்பதற்காக. ஒரு மாணவனிடம் சொன்னதையே அடுத்தவனிடமும் சொல்ல வேண்டும். பாவம் பார்த்து ஒருத்தனுக்கு எடுத்துக் கொடுத்தால் அடுத்தவன் வயிற்றில் அடித்த மாதிரி.

மற்ற தாள்களை வீட்டில் தம்பிதான் மாணவன் மாதிரி வாசித்துக் கேட்பான். மேனியா என்ற மிதமிஞ்சிய மனவெழுச்சி நோயின் தாளை மட்டும் அவள் அவன் கண்ணில் காட்டியதில்லை. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு மனப்பாடம் செய்தாள். காரணம், அந்தத் தாளில் இருந்தவன் தம்பி. மனநலப் பேராசிரியர், "கற்பனையா எழுதினா சிரிச்சு ஆடுற கோமாளிதான் வருது. நிஜமா பார்த்தவங்க யாராவது சொல்லுங்க" என்று கேட்டபோது வாய் திறந்தவள் இவள்தான். ஆணைப் பெண்ணாக மாற்றியதோடு சரி, மற்றதெல்லாம் அப்படியே ஏறியது.

அன்று மதியம் கேஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடிய தம்பி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் தாளை எடுத்துவிட்டான். அவள் வீட்டுக்குள் நுழையும்போது சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உக்காரு. நான் டாக்டர். சொல்லு, என்ன பிரச்சினை?"

"டேய், அதைக் குடு. காலேஜ் தாள் வெளியே வரக்கூடாது."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், என் அக்காவுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்." அவனே வாசித்தான். "முதல் வரி பிரமாதம். ராத்திரி ரெண்டு மணி நேரம் தூங்கினா போதும், களைப்பே இல்ல. ஒரே வாரத்துல பதினோரு தையல் மெஷின் வாங்கினது, உலகத்துக்கே சட்டை தைக்கப் போறேன்னு சொன்னது. குறுக்கே பேசினா எரிஞ்சு விழணும். ஒரு வருஷம் முன்னாடி ரெண்டு மாசம் எழுந்திருக்காம படுத்துக் கிடந்தது, கேட்டால் மட்டும். சாகணும்னு தோணுச்சான்னா, அப்போ ஆமா, இப்போ இல்ல. ஊரான் பசங்க என் மானத்துக்கு மார்க் வாங்குறாங்க."

"உன் பேர் எதுவுமே இல்லடா அதுல."

"கடைசிப் பக்கம் வா."

அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே அவளுக்கு மனப்பாடம். 'யாரையாவது தாக்கினீர்களா என்று கேட்டால்: இல்லை, நான் தள்ளவில்லை, அக்காதான் என் போனைப் பிடுங்க வந்து படியில் தவறி விழுந்தாள் என்று கோபமாகச் சொல்லவும். நடிப்பவர் அறிய: இது உண்மை. மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே தள்ளியதாக அக்கா சொன்னாள்.'

பதினான்கு வருடம் ஆகிறது. அன்று கையில் கட்டோடு அவசரப் பிரிவில் நின்றாள். அவர் வர மறுக்கிறார், யாருக்கும் ஆபத்து இல்லையென்றால் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். இவள் கையைத் தூக்கிக் காட்டி, "தள்ளிட்டான்" என்றாள். சேர்த்துக்கொண்டார்கள். அவன் பிழைத்தான். அந்த வாரமே அவன் மனைவி ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். தெளிந்து வந்தவனுக்கு அந்த நாட்கள் அரைகுறையாகத்தான் நினைவிருந்தன. ஊரே தள்ளினாய் என்றதும் அவனும் நம்பிவிட்டான். வருடத்துக்கு ஒரு முறையாவது, "மன்னிச்சிரு அக்கா" என்பான். இவளும் வெட்கமில்லாமல், "விடுடா, உடம்பு சரியில்லாதப்ப நடந்தது" என்று மன்னித்து வந்தாள். பேராசிரியர் உண்மையில் என்ன நடந்தது என்று நேராகக் கேட்டபோதுதான் முதன்முதலாக வாயில் வந்தது. வேற்று ஆளிடம் வந்த உண்மை வீட்டில் மட்டும் வரவில்லை.

"நான் தள்ளினேனா?" என்றான்.

அவள் வாயிலிருந்து வந்தது பதில் இல்லை. "நேத்து தூங்கினியா? மாத்திரை போட்டியா?"

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "ஏழு மணி நேரம் தூங்கினேன். லித்தியம் போட்டேன். போன வாரம்தான் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேன், மருந்து அளவு சரியா இருக்கு. செலவு எதுவும் இல்ல, காதுல குரல் எதுவும் கேக்கல. மெதுவாத்தான் பேசுறேன். எழுதிக்கோ, முழு மார்க் போடு. இப்போ ஒரு மனுஷனுக்குக் கோவம் வரலாமா, இல்ல அதுக்கும் வார்டுதானா?"

"உன்னைக் காப்பாத்தத்தான்டா சொன்னேன்! விட்டிருந்தா செத்திருப்பே!"

"அன்னைக்குச் சொன்னே, சரி. குணமாகி வந்தேனே, அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கேக்கிறதுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? உன்னைத் தள்ளினவன்னுதான் நான் பதினாலு வருஷமா கண்ணாடி பாக்குறேன். என் பொண்ணு என்கூட ஒரு வேளை தனியா உக்காந்து சாப்பிட்டதில்ல. நீ அங்க போய், தெரியாத பசங்க முன்னாடி, என் வார்த்தையை என் கோவத்தோட சொல்லிச் சம்பளம் வாங்கிட்டு வர்றே. இங்க வந்து எனக்கு மன்னிப்பு குடுக்குறே."

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, தன் மேல் வர வேண்டியது வழக்கம்போல் அவன் மேல் வந்தது. "இப்போ என்ன செய்யச் சொல்றே? தாளைக் கிழிக்கவா? பேராசிரியர்கிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்லவா?"

"தாள் இருக்கட்டும். நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நீ அவகிட்டச் சொல்லு." போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தான். "அவ கேக்க மாட்டா. நீயே ஆரம்பி."

நாலாவது மணி அடிக்கும்போது மகள் எடுத்தாள். பத்தொன்பது வயதுக் குரல். "சொல்லுங்க அத்தை." அப்பாவின் எண்ணிலிருந்து அழைத்தால் அத்தைதான் பேசுவாள் என்று எண்ணுகிற அளவுக்குத்தான் அவர்கள் உறவு இருந்தது.

தாளில் இல்லாத வசனம். எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள். படியை, போனை, தானே வழுக்கி விழுந்ததை, அவசரப் பிரிவில் சொன்ன பொய்யை, அதற்குப் பிறகு பேசாமல் இருந்ததை. நடுவில் நிறுத்தவில்லை. "உங்கப்பா என்னைத் தொடவே இல்லம்மா. தப்பு எல்லாம் என்னோடது" என்று முடித்தாள். வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக அவள் எதையும் பேசியதில்லை. திக்கியது, குரல் நடுங்கியது, எச்சில் விழுங்கினாள்.

தம்பி மேசையோடு குனிந்து போனுக்குக் காதைக் கொடுத்தான்.

பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தை, பயப்படாதீங்க. நீங்க எதுவும் விளக்க வேணாம், ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. அப்பா பக்கத்துல நிக்கிறாரா?"

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.