கட்டிலை நம்பியவள்

அந்தப் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேல் மேடம். காதுபடவே கூப்பிடுவார்கள். அவளுக்குக் கோபம் வந்ததில்லை. உலகத்தில் உள்ள ஹோட்டல்காரர்கள் எல்லாரும் பொய்யர்கள், அவர்களைப் பிடிக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைக்கிறவளுக்கு அது ஒரு பட்டம் மாதிரிதான்.

வாடிக்கையாளர்களுக்கு அறை பார்த்துக் கொடுப்பது அவள் வேலை. பார்ப்பது என்றால் நேரில் போய் இல்லை, திரையில். ஹோட்டல்காரன் போட்ட படத்தை ஒரு பக்கம், அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள் போனில் எடுத்த படத்தை இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் அறையில் திரைச்சீலை என்ன நிறம் என்று பார்க்கும்போது, இவள் மூலையில் கிடக்கும் தலையணையைப் பார்ப்பாள். வைடு ஆங்கிள் லென்ஸுக்கு ஓரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துவிடுகிற குணம் உண்டு. படத்தின் நடுவில் ஒழுங்காக இருக்கும் தலையணை ஓரத்துக்கு வந்தால் திண்டு மாதிரி நீண்டுவிடும். மேற்கூரையில் இருக்கும் வட்ட விளக்கு முட்டை வடிவமாகிவிடும். கிட்டே இருக்கிற கட்டில் முனை கப்பல் மாதிரி முன்னால் வரும், எதிர்ச் சுவர் ஜன்னலோ பக்கத்து ஊரில் இருப்பது போலத் தள்ளிப் போய்விடும். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓர் ஆள் ஓடிப் பழகலாம் என்று தோன்றும். நேரில் போனால் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கும்.

இந்த ஞானம் வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சும்மா இருக்க மாட்டாள். குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்றவர்களிடம் வலியப் போய், "நீங்க குண்டா இல்ல, லென்ஸ் அப்படி" என்று ஆறுதல் சொல்வாள். அவர்கள் அதற்குப் பிறகு அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவளின் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, பெயின்ட் கடை வைத்திருப்பவர், ஒரு நாள் போனில் படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா, அரண்மனை. நானே தேடிக் கண்டுபிடிச்சேன். உன் சிபாரிசெல்லாம் வேண்டாம்."

அக்கா மகளுக்கு வெளியூரில் பட்டமளிப்பு. முதல் நாளே போய்த் தங்க வேண்டும். சாதாரணமாக இருந்தால் எந்த அறையிலாவது படுத்து எழுந்து வந்துவிடலாம். ஆனால் தண்டுவட அறுவைக்குப் பிறகு அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். வீட்டில் வாசல்களை அகலப்படுத்திவிட்டதால் எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கை பலத்திலேயே மாறி உட்காருவாள். வெளியே போனால்தான் வம்பு. போன தடவை ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நாற்காலி குளியலறைப் பக்கமே போகவில்லை. மாமா தூக்கிக்கொண்டு போனார், உள்ளேயே நின்றார், திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அக்கா அதோடு வெளியூர் போவதை நிறுத்திவிட்டாள்.

இந்தத் தடவை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "பாத்ரூமுக்கு நானே போகணும். கதவ நானே சாத்தணும். அது முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வீட்லயே இருந்து போன்ல பாத்துக்கறேன்."

பெற்ற மகள் பட்டம் வாங்குவதைப் போனில் பார்ப்பாளாம். சொன்னால் செய்கிறவள்தான்.

ஸ்கேல் மேடம் மாமாவின் அரண்மனையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கேமரா அறை மூலைக்குள் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. தலையணை திண்டாகியிருந்தது, விளக்கு முட்டையாகியிருந்தது, ஓரத்தில் நின்ற மேஜை விளக்கு தள்ளாடிக்கொண்டிருந்தது. தங்கிய ஒருவர் போட்ட படத்தில் அதே கட்டில், அதே சுவர்ப் படம், ஆனால் திறந்த அலமாரிக் கதவு பாதியிலேயே கட்டிலில் இடித்து நின்றிருந்தது.

"மாமா, இது அரண்மனை இல்ல, தீப்பெட்டி. நாற்காலிய உள்ள விட்டா திருப்பக்கூட முடியாது."

"எல்லாத்துலயும் உனக்கு ஒரு நொட்டை. சரி, நீயே பாத்துக் குடு. ஒண்ணு மட்டும் சொல்றேன், அங்க போய் ஏதாவது ஆச்சுன்னா உங்கக்காகிட்ட நீதான் பேசணும்."

சக்கர நாற்காலிக்கென்றே கட்டிய அறைகள் அந்த ஊரில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பட்டமளிப்பு என்றதுமே போய்விட்டன. சாதாரண அறைகளில்தான் தேட வேண்டும். அவள் சாப்பாட்டு நேரத்திலும் தேடினாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. பார்க்க அழுது வடிகிற படம். வாசலில் நின்று நேராக எடுத்தது. எதுவும் இழுபடவில்லை, சாயவில்லை. கட்டில் நடுவில், அதைத் தாண்டி மூலையில் குளியலறை. கட்டிலின் கால்மாட்டு விளிம்பும் பக்கத்து இடைவெளியும் ஒரே நேர்கோட்டில் இருந்ததால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிடலாம். இடைவெளி கட்டிலில் சரிபாதி. கட்டில் அகலம் வழக்கம்போல ஆறடி, ஆக இடைவெளி மூன்றடி. நாற்காலி இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. ராஜபாட்டை.

ஹோட்டலுக்குப் போன் போட்டாள். அறை எப்படி என்று கேட்டால் "தாராளமா இருக்கும் மேடம்" என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் சொன்னார்கள். குளியலறை வாசலில் டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி உயிரை வாங்கினாள். வரவேற்பில் இருந்தவர் அனுப்பினார். அகலம் போதும், படியும் இல்லை.

"வேற ஏதாவது அளக்கணுமா மேடம்? கையோட கட்டிலையும் அளந்துடட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"கட்டில்ல என்ன இருக்கு அளக்க? கட்டில் கட்டில்தானே" என்றாள் ஸ்கேல் மேடம்.

தங்கியவர்களின் படங்களையும் பார்த்தாள். எல்லாரும் காலைச் சாப்பாட்டுத் தட்டை மட்டும் எடுத்திருந்தார்கள். அறையை ஒருவரும் எடுக்கவில்லை. பரவாயில்லை, தன் கணக்கு இருக்கிறதே என்று அறையைப் பதிவு செய்துவிட்டாள். மாமாவிடம், "நேர்மையான படம் மாமா" என்று ஒரு பிரசங்கமும் செய்தாள்.

போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். மாமா பெட்டிகளோடு முன்னால் போனார், அக்கா தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள், ஸ்கேல் மேடம் பின்னால் வந்தாள். கதவு திறந்ததும் மாமா நின்றார்.

"இதென்ன, பிள்ளைங்க படுக்கிற கட்டிலா?"

நாலரை அடி அகலக் கட்டில். கட்டில் சின்னதானால் அறை பெரிதாகத் தெரியும் என்று எந்தப் புண்ணியவானோ யோசித்து, ஆறடிக் கட்டில் மாதிரியே நாலு தலையணை குவித்து, விரிப்பைத் தரை வரை தொங்கவிட்டு, படமும் நேராக எடுத்திருந்தான். லென்ஸ் பொய் சொல்லவில்லை. கட்டில் சொல்லியிருந்தது. படத்தில் இடைவெளி கட்டிலில் பாதி என்றால் இங்கேயும் பாதிதான், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் நாலரையில் பாதி இரண்டேகால். ஸ்கேல் மேடத்துக்குக் கணக்கு அந்த வாசலிலேயே போட்டு முடிந்துவிட்டது. எத்தனை வருஷமாக எத்தனை பேரின் தலையணைகளைக் கேலி செய்திருப்பாள்.

அக்கா இடைவெளிக்குள் உருட்டிப் பார்த்தாள். சக்கரங்கள் நுழைந்தன. ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் கட்டில் சட்டத்திலும் அவள் விரல் முட்டிகள் உரசின. இரண்டு தள்ளு தள்ளினாள். தோல் வழன்றது. பின்னால் வந்துவிட்டாள்.

மாமாவுக்கு ஒரு நிமிஷம் கொண்டாட்டமாகக்கூட இருந்திருக்கும். மச்சினியின் மூக்கு உடைவதைப் பார்க்க அவர் பல வருஷம் காத்திருந்தவர். ஆனால் பெண்டாட்டியின் கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"விடும்மா. நான் பின்னால இருந்து தள்ளறேன். இல்லன்னா தூக்கிட்டுப் போறேன். எனக்கென்ன கஷ்டம்."

"உங்களுக்குக் கஷ்டம்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள் அக்கா.

திரும்பிப் போய்விடலாம் என்று அக்கா அடுத்து சொல்லப்போகிறாள் என்பது ஸ்கேல் மேடத்துக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, தப்பு என்னோடது. படத்துல நான் கட்டில ஆறடின்னு எடுத்துக்கிட்டேன். ஃப்ரேம்ல விளிம்புக்கு இணையா இருந்ததுனால விகிதம் மாறாது, அதனால..."

"ஏண்டி, நிறுத்து." அக்கா விரல் முட்டியைத் துடைத்துக்கொண்டாள். "அவர் ஒரு படத்தப் பாத்தாரு, நீ ஒரு படத்தப் பாத்த. ஆளுக்கொரு பக்கம் அளந்தீங்க. உக்காந்து போறவ நான், என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தக் கட்டில் தரையோட முளைச்சிருக்கா?"

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"செவுத்தோட தள்ளுங்க."

மாமா தலைமாட்டையும் ஸ்கேல் மேடம் கால்மாட்டையும் பிடித்தார்கள். சின்னக் கட்டிலானதால் சுலபமாக நகர்ந்தது. அந்தப் பொய்யில் இப்படி ஒரு வசதி இருந்தது. சுவரில் தனியாக அடித்திருந்த தலைப்பலகை கட்டிலை விட்டுவிட்டு அனாதையாக நின்றது. மூலை மேஜையைத் தூக்கி வெளியே வைத்தார்கள். இரண்டு பக்கமும் வீணாய்க் கிடந்த இடைவெளிகள் ஒரே பக்கம் சேர்ந்து, கதவிலிருந்து குளியலறை வரை அகலமாக வழி விட்டன.

அக்கா யாரையும் பார்க்காமல் உருட்டிக்கொண்டு போனாள். கோடியில் நிறுத்தினாள், திருப்பினாள், உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

மாமா பழக்கதோஷத்தில் போய்க் கதவுக்கு வெளியே நின்றார்.

"அங்க நிக்காதீங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஸ்கேல் மேடம் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்குமே அந்தக் கட்டில் பற்றவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. மாமாவுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாள் தூக்கிச் சுமந்த மனுஷன், சும்மா உட்காரச் சொன்னதும் கலங்கிப்போயிருந்தார். ஸ்கேல் மேடத்துக்கு அவர் மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது.

வெகு நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. மாமா பொறுக்க மாட்டாமல் எழுந்தார்.

"என்னம்மா ஆச்சு? உள்ள என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள் அக்கா. "தனியா இருக்கேன். கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."