மூட்டை வாயில் தைத்த கடிதம்

எங்கள் உப்புக் கம்பெனிக்கு ஐந்து மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. எல்லாவற்றையும் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாங்கி, அரைத்து, ஐம்பது கிலோ மூட்டைகளாக ஐஸ் பேக்டரிகளுக்கு அனுப்புகிற சின்ன நிறுவனம் அது. நான் ஆபீஸ் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம், வேலையை விட்டுப் போன மேனேஜரின் முகவரியைத் திறந்து பார்த்தேன். எங்களிடம் அதிக லோடு எடுக்கும் ஐஸ் பேக்டரியிலிருந்து மூன்று கடிதங்கள் படிக்கப்படாமலே கிடந்தன. மூட்டைகள் ஈரமாக வருகின்றன என்று முதல் இரண்டும். மூன்றாவது: இன்னொரு முறை பதில் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.

முதலாளியிடம் ஓடினேன்.

"நாம பாக்காத பொட்டியில வந்து பேசுனா நமக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

"அதான் சார். ஒரே அட்ரஸ் வெச்சுக்கலாம். நீங்க, நானு, கணக்கு சார், மூணு பேருக்கும் தெரியும். யார் எழுதினாலும் அன்னிக்கே பதில். பழைய அஞ்சையும் மூடிடலாம்."

"மூடும்மா. ஆனா அந்த ஐஸ் பேக்டரி போச்சுன்னா, உன் புது அட்ரஸுக்கு எழுத ஆளே இருக்காது, பாத்துக்க."

அன்று மதியமே ஐஸ் பேக்டரிக்கு மன்னிப்பும் மாற்று மூட்டைகளும் போயின. பிறகு வாடிக்கையாளர் எல்லோருக்குமான கடிதத்தில் உட்கார்ந்தேன். முதலில் எழுதியது ஒரு பக்கம். கம்பெனியின் பெருமையெல்லாம் அதில் இருந்தது. வெட்டினேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "ஆர்டர், புகார், சந்தேகம் எதுவானாலும் இனி இந்த ஒரே முகவரிக்கு எழுதுங்கள். கீழே உள்ள ஐந்து பழைய முகவரிகளை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து யாரும் பார்க்க மாட்டோம். அதுவரை அங்கே வருவதும் எங்களுக்குக் கிடைக்கும். ஏற்கெனவே எழுதியதை மறுபடி அனுப்ப வேண்டாம்." கடிதத்துக்குப் பதில் போட்டாலே புது முகவரிக்குப் போகும்படி வைத்தேன். பழைய முகவரிக்கு யார் எழுதினாலும் புது முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலும் தயார். உலகத்தையே ஒழுங்குபடுத்திவிட்ட மிதப்பு எனக்கு.

ஒரு வாரம் போனது. அதே ஐஸ் பேக்டரி, அடுத்த லோடு எப்போது என்று கேட்டிருந்தது. பழைய மேனேஜர் முகவரிக்கு!

அங்கே சரக்கு இறக்கும் ஸ்டோர்கீப்பருக்கு போன் போட்டேன்.

"லெட்டரா மேடம்? அது ஆபீஸுக்கு வந்திருக்கும். நான் குடோன்ல கிடக்கிறேன். அந்த ஆட்டோ பதிலெல்லாம் எவன் படிக்கிறான்? மூட்டையில இன்னா அட்ரஸ் போட்டிருக்குதோ அதுக்குத்தானே அனுப்புவேன்?"

எங்கள் குடோனுக்குப் போய்ப் பார்த்தேன். பல மாதத்துக்கு வேண்டிய வெற்றுச் சாக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் வாய்க்குக் கீழேயும் பளிச்சென்று அந்தப் பழைய முகவரி. கடிதத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிய நான், சாக்கை மறந்திருந்தேன்.

மூட்டை வாயைத் தைக்கும் அக்கா மெஷினை நிறுத்தினார். "இன்னா பாப்பா, பேயடிச்சாப்புல நிக்கிற?"

சொன்னேன்.

"இதுக்கா இந்த மூஞ்சி? இன்னொரு மடிப்பு மடிச்சுத் தெச்சா அந்த வரி உள்ள பூடும்."

"ஐம்பது கிலோ கொள்ளுமாக்கா?"

அக்கா பக்கத்திலிருந்தவரோடு சேர்ந்து மூட்டையைத் தூக்கித் தரையில் இரண்டு முறை தட்டினார். உப்பு அமர்ந்தது. வாய் இன்னொரு மடிப்புக்கு இடம் கொடுத்தது.

"புது அட்ரஸ சீட்டுல குடு. மூட்டைக்கு மூட்டை லாட் நம்பர் சீட்டு தெக்கிறோமே, அதோட வெச்சுத் தெச்சுடறேன்."

என் கடிதத்தை மூன்று வரியாக்கினேன். லாட் சீட்டு அச்சடிக்கிற, நனைந்தாலும் கிழியாத தாளிலேயே அச்சடித்தோம். பழைய சாக்குகள் ஏற்கெனவே வாடிக்கையாளர் குடோன்களில் இருக்குமே என்று, மூடும் தேதியை ஒரு மாதம் தள்ளி எல்லோருக்கும் மறுபடி எழுதினேன். முதலாளி தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டுத் தைத்த முதல் லோடு போன மறுநாள் காலை, புது முகவரியில் ஸ்டோர்கீப்பரின் கடிதம்: "நாலு மூட்டை ஈரம்." கூடவே லாட் எண் தெரியும்படி ஒரு போட்டோ. குடோனுக்குப் பறந்தேன்.

"அக்கா! புகார் வந்திருக்கு!"

"புகார் வந்ததுக்கா இந்த ஆட்டம்?"

"நம்ம அட்ரஸுக்கு வந்திருக்குக்கா!"

பத்தே நிமிடத்தில் பதில் போனது. லாட் எண்ணைப் பிடித்துத் தேடினோம். கூரை ஒழுகிய மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகள் அவை. அன்றே அந்த இடத்தைக் காலி செய்தோம். மறுநாள் லாரியில் நாலு காய்ந்த மூட்டைகள் முதலில் ஏறின.

பழைய ஐந்தையும் மூடிய நாளில் ஸ்டோர்கீப்பர் புது முகவரிக்கு எழுதியிருந்தார்: "அடுத்த மாதமும் அதே லோடு. ஐஸ் சீசன், அதோடு ரெண்டு லாரி கூடுதலாக அனுப்புங்கள்." அதை முதலாளி என் மேஜைக்கு வந்து, எனக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார்.